விலை அசையாத நாளின் வியாபாரம்

2012 மே மாதத்தின் யூரோ–சுவிஸ் பிராங்க் சார்ட்டில் கண்ணை நிறுத்த ஓர் இடம் கிடைப்பது அரிது. ஒரு யூரோவுக்கு 1.20 பிராங்க் என்ற அளவுக்குச் சற்று மேலே, விலை ஸ்கேல் வைத்துக் கோடு இழுத்ததுபோலக் கிடக்கிறது. பெரும்பாலான நாட்களில் அது சில பிப் அகலத்தைத் தாண்டவில்லை. ஒரு பிப் என்பது விலையின் நான்காவது தசம இடம். நாணயச் சந்தையில் பழகிய எவரும் இந்தச் சார்ட்டைப் பார்த்ததும் சந்தையில் ஆளே இல்லை, எல்லோரும் விடுமுறையில் போய்விட்டார்கள் என்றுதான் சொல்வார்கள்.

அதே மாதத்தில் சுவிட்சர்லாந்தின் மத்திய வங்கியான சுவிஸ் நேஷனல் வங்கியின் அந்நியச் செலாவணிக் கையிருப்பு சுமார் 6,500 கோடி பிராங்க் கூடியது. யூரோ 1.20 பிராங்குக்குக் கீழே இறங்க விடமாட்டோம், அதற்காக எவ்வளவு யூரோ வேண்டுமானாலும் வாங்குவோம் என்று அந்த வங்கி 2011 செப்டம்பர் 6 அன்று அறிவித்திருந்தது. ஐரோப்பியக் கடன் நெருக்கடியில் பயந்துபோனவர்கள் யூரோவை விற்றுக்கொண்டே இருந்தார்கள், வங்கி வாங்கிக்கொண்டே இருந்தது. 2012 முழுவதும் அது வாங்கிய அந்நியச் செலாவணியின் மதிப்பு 18,800 கோடி பிராங்க். விலை நகராததற்கு வியாபாரம் இல்லாதது காரணமல்ல. விற்க வந்ததையெல்லாம் ஒரே விலையில் ஒருவர் வாங்கித் தீர்த்தார் என்பதுதான் காரணம்.

அந்தச் சார்ட்டின் அடியில் 'வால்யூம்' என்ற பெயரில் சிறு கம்பங்கள் நிற்கும். பங்குச் சந்தையிலிருந்து நாணயச் சந்தைக்கு வருபவர்கள், இங்கும் அவை கைமாறிய அளவைக் காட்டுவதாகவே எடுத்துக்கொள்கிறார்கள். அப்படியென்றால் 2012 மே மாதத்தில் அவை திரையை முட்டிக்கொண்டு நிற்க வேண்டும். ஆனால் அவை எண்ணுவது கைமாறிய யூரோவை அல்ல, விலை எத்தனை முறை மாறியது என்பதை. அதன் பெயர் டிக் வால்யூம்.

எண்ணப்படுவது எது?

இன்ஃபோசிஸ் பங்கு இன்று எவ்வளவு கைமாறியது என்று கேட்டால் சரியான விடை உண்டு. வர்த்தகம் பங்குச் சந்தையின் கணினி வழியாக நடக்கிறது, ஒவ்வொரு பங்கும் அங்கே எண்ணப்படுகிறது. நாணயங்களுக்கு அப்படி ஒரு பொதுவான இடம் கிடையாது. ஒரு வங்கி இன்னொரு வங்கியோடு நேரடியாக முடிக்கும் வியாபாரம் உண்டு, ஈபிஎஸ், ராய்ட்டர்ஸ் போன்ற மின்தளங்களில் முடிவது உண்டு, பெரிய வங்கி தன் வாடிக்கையாளர்கள் இருவரின் ஆர்டர்களை வெளியே விடாமல் உள்ளுக்குள்ளேயே நேர்செய்துகொள்வதும் உண்டு. இவற்றையெல்லாம் உடனுக்குடன் கூட்டிச் சொல்ல ஒருவரும் இல்லை. பன்னாட்டுத் தீர்வு வங்கி மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை, ஏப்ரல் மாதத்தில், பல நாட்டு மத்திய வங்கிகளின் துணையோடு கணக்கெடுக்கிறது. 2022 கணக்கெடுப்பில் நாளொன்றுக்கு 7.5 லட்சம் கோடி டாலர் என்று வந்தது. அதில் உடனடிக் கைமாற்றமான ஸ்பாட் வியாபாரம் சுமார் 2.1 லட்சம் கோடி. மூன்று ஆண்டுக்கு ஒரு எண்ணை வைத்துக்கொண்டு பதினைந்து நிமிடக் கேண்டிலுக்குக் கம்பம் வரைய முடியாது.

எனவே சார்ட் மென்பொருள்கள் தங்கள் கைக்கு எட்டியதை எண்ணின. சில்லறை வணிகர்கள் பெரும்பாலும் பயன்படுத்தும் மெட்டாடிரேடரை எடுத்துக்கொள்வோம். புரோக்கரின் சர்வரிலிருந்து இரண்டு விலைகள் வந்துகொண்டே இருக்கும்: நாம் விற்கக்கூடிய பிட், நாம் வாங்கக்கூடிய ஆஸ்க். இரண்டில் ஏதாவது ஒன்று மாறினால் அது ஒரு டிக். யூரோ–டாலர் பிட் 1.08501-லிருந்து 1.08502 ஆனால் ஒரு டிக், திரும்பி 1.08501-க்கு வந்தால் இன்னொன்று. ஒரு கேண்டிலுக்குள் இப்படி வந்தவற்றின் எண்ணிக்கையே அதன் அடியில் கம்பமாக நிற்கிறது. மெட்டாடிரேடரின் ஐந்தாம் பதிப்பு இந்த விஷயத்தில் நேர்மையானது. `tick_volume` என்று ஒன்றையும் `real_volume` என்று ஒன்றையும் தனித்தனியே வைத்திருக்கிறது. நாணய ஜோடிகளுக்கு இரண்டாவது பொதுவாகப் பூஜ்யமாகவே இருக்கும்.

காய்கறிக் கடைக்காரர் விலைப் பலகையை எத்தனை முறை அழித்து எழுதினார் என்று எண்ணி, அன்று எத்தனை மூட்டை விற்றது என்று ஊகிப்பதற்கு ஒப்பானது இது. கூட்டம் முண்டும் நாளில் விலை அடிக்கடி மாறும் என்பதால் ஊகம் பல நாள் சரியாகவே இருக்கும். ஒரு மொத்த வியாபாரி வந்து எழுதியிருக்கும் விலைக்கே லாரி நிறைய வாங்கிப்போன நாளில் பலகை அழியாது.

ஏன் பல நாள் சரியாக இருக்கிறது?

டிக் வால்யூமை வெறும் குப்பை என்று தள்ளுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அதற்குப் பின்னால் கனமான காரணம் இருக்கிறது. 1994-இல் சார்ல்ஸ் ஜோன்ஸ், கௌதம் கௌல், மார்க் லிப்சன் என்ற மூன்று பொருளியல் ஆய்வாளர்கள் நாஸ்டாக் பங்குகளை வைத்து ஒரு கேள்வி கேட்டார்கள். விலையின் ஏற்ற இறக்கத்தோடு நெருங்கிப் போவது வியாபாரங்களின் எண்ணிக்கையா, ஒவ்வொரு வியாபாரத்தின் பருமனா? எண்ணிக்கைதான் என்று விடை வந்தது. எண்ணிக்கை தெரிந்துவிட்டால், சராசரிப் பருமனைத் தெரிந்துகொள்வதால் கூடுதலாகக் கிடைப்பது ஏறக்குறைய ஒன்றுமில்லை. அது பங்குகளைப் பற்றிய ஆய்வு என்றாலும், பருமன் தெரியாமல் அசைவுகளை மட்டும் எண்ணுவது முற்றிலும் பைத்தியக்காரத்தனம் அல்ல என்பதற்கு அது ஆதரவு தருகிறது.

வணிகர்களிடையே இன்னொரு கூற்றும் நெடுநாளாகப் புழங்குகிறது. டிக் வால்யூமும் உண்மை வால்யூமும் தொண்ணூறு விழுக்காடு ஒத்துப்போகின்றன என்பது அது. இந்த எண்ணைக் கேட்டதும் பலர் நிம்மதி அடைந்துவிடுகிறார்கள். அந்த ஒற்றுமை எங்கிருந்து வருகிறது என்று பார்க்காமல் நிம்மதி அடையக்கூடாது.

நாணயச் சந்தைக்கு ஒரு தினசரித் தாளம் உண்டு. டோக்கியோ நேரத்தில் யூரோ–டாலர் மந்தமாக இருக்கும். கோடையில் நம் நேரம் பகல் பன்னிரண்டரைக்கு லண்டன் வேலைக்கு வந்ததும் சூடு பிடிக்கும். மாலை ஐந்தரை வாக்கில் நியூயார்க்கும் சேர்ந்துகொள்ள, லண்டன் மூடும் இரவு ஒன்பதரை வரை உச்சத்தில் இருக்கும். பிறகு அடங்கும். டிக் எண்ணிக்கையும் இந்தத் தாளத்தில் ஏறி இறங்குகிறது, உண்மை வால்யூமும் அப்படியே. இரண்டும் ஒரே கடிகாரத்தைப் பின்பற்றுவதால் இரண்டுக்கும் உயர்ந்த ஒற்றுமை வந்துவிடுகிறது. ஆனால் மாலையில் சந்தை சூடாக இருக்கும் என்பதைச் சொல்லக் கம்பம் தேவையில்லை, கைக்கடிகாரமே போதும். கம்பத்திடம் நாம் கேட்க வேண்டியது வேறு: இன்றைய மாலை, வழக்கமான மாலையைவிட எவ்வளவு மாறுபட்டது?

இதைப் பிரித்தெடுப்பது எளிது. ஒரு மணி நேரக் கேண்டிலின் டிக் எண்ணிக்கையை, கடந்த இருபது வேலை நாட்களில் அதே மணி நேரத்துக்கு வந்த சராசரியால் வகுத்தால் போதும். எடுத்துக்காட்டுக்காக இரண்டு கேண்டில்களை வைத்துக்கொள்வோம். மாலை ஆறு மணிக் கேண்டிலில் 9,900 டிக், அந்த நேரத்தின் சராசரி 9,000. காலை பதினொரு மணிக் கேண்டிலில் 4,000 டிக், அதன் சராசரி 2,000. சார்ட்டில் மாலைக் கம்பம் காலைக் கம்பத்தைப்போல இரண்டரை மடங்கு உயரமாக நின்று கண்ணை இழுக்கும். வகுத்துப் பார்த்தால் மாலையின் விகிதம் 1.1, காலையின் விகிதம் 2. அன்றைக்குச் செய்தி காலையில்தான் நடந்திருக்கிறது. ஆறு மாதத் தரவை இப்படி வகுத்தபின் டிக்கையும் உண்மை வால்யூமையும் ஒப்பிட்டால், கடிகாரம் கொடுத்த பங்கு கழிந்து, டிக் வால்யூம் தன் சொந்த பலத்தில் எவ்வளவு சொல்கிறது என்பது தெரியும். ஒற்றுமை அப்போதும் இருக்கும், முன்பு இருந்த உயரத்தில் இருக்காது.

சுவருக்கு முன்னால்

மீண்டும் பிராங்குக்கு வருவோம். டிக் வால்யூமின் பிழை சிறு பிழையாக இருந்தால், இருபது விழுக்காடு கூடியும் குறைந்தும் காட்டினால், அதோடு வாழ்ந்துவிடலாம். யூரோ–பிராங்கில் நடந்தது அப்படிப்பட்டதல்ல. மே மாதக் கையிருப்பு உயர்வில் நாணயங்களின் மதிப்பு மாறியதால் வந்த பங்கும் கொஞ்சம் இருக்கலாம். இருந்தாலும் 6,500 கோடியை அந்த மாதத்தின் இருபத்து மூன்று வேலை நாட்களுக்குப் பகிர்ந்தால் நாளொன்றுக்கு 280 கோடி பிராங்க்குக்கு மேல் வருகிறது. ஒரே ஒருவர், ஒரே திசையில், ஏறக்குறைய ஒரே விலையில் வாங்கியது இது.

ஒரு விற்பனையாளர் இரண்டு கோடி யூரோவோடு சந்தைக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். சாதாரண நாளில் அவர் பிட் வரிசையில் முதல் விலையில் நிற்கும் ஐம்பது லட்சத்தைத் தின்பார், அடுத்த விலைக்கு இறங்குவார், அதையும் தின்பார். ஒவ்வொரு படியிலும் ஒரு டிக் பிறக்கும். அவர் விற்று முடிப்பதற்குள் ஐந்தாறு டிக் பதிவாகிவிடும். சுவரைப்போல ஒரு மத்திய வங்கி நிற்கும் நாளில் முதல் விலையிலேயே அவருடைய இரண்டு கோடியும் போய்விடுகிறது. அதே இடத்தில் அதே விலை மறுபடி நிற்கிறது. பிட் மாறவில்லை, ஆஸ்க் மாறவில்லை, டிக்கும் இல்லை. அவருக்குப் பின்னால் இன்னும் நூறு பேர் வந்து விற்றாலும் கணக்கு அதுதான்.

ஆகவே யாருமே இல்லாத கிறிஸ்துமஸ் மறுநாளும், மலைபோல ஒருவர் நின்று எல்லாவற்றையும் விழுங்கும் நாளும் டிக் வால்யூமில் ஒன்றுபோலவே தெரிகின்றன. இரண்டிலும் விலை அசையாது, கம்பம் உயராது. வால்யூமைப் பார்ப்பவர் உலகத்தில் வேறெதைப் பிரித்தறியாவிட்டாலும் இந்த இரண்டையும் பிரித்தறிந்தாக வேண்டும்.

இங்கேதான் பழைய பாடப்புத்தக முறைகள் தடம் புரள்கின்றன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நியூயார்க்கில் எழுதிய ரிச்சர்ட் வைக்காஃப், வால்யூமை உழைப்பு என்றும் விலை நகர்வை அதன் பலன் என்றும் வைத்துப் பார்க்கச் சொன்னார். பெரிய வால்யூம் வந்தும் விலை நகரவில்லை என்றால், வருவதையெல்லாம் ஒருவர் உறிஞ்சிக்கொண்டிருக்கிறார் என்று பொருள். இன்றும் நாணயச் சந்தைப் பயிற்சி வகுப்புகளில் இதைச் சொல்லிக்கொடுத்து, மெட்டாடிரேடர் கம்பங்களைக் காட்டி அடையாளம் காணச் சொல்கிறார்கள். அந்த முறைக்கு உயிர், உழைப்பும் பலனும் தனித்தனியாக அளக்கப்படுவதில் இருக்கிறது. டிக் வால்யூமில் உழைப்பை அளக்கும் கோலே பலனிலிருந்து செய்யப்பட்டது. விலை நகர்ந்த எண்ணிக்கையை வைத்துக்கொண்டு, விலை நகராமல் நடந்த வியாபாரத்தைத் தேட முடியாது. குறுகிய கேண்டிலின் கீழே உயர்ந்த கம்பம் இங்கும் சில வேளை வரும் என்பது உண்மை. ஆனால் இரண்டு விலைகளுக்கு இடையே வங்கிக் கணினிகள் மாறி மாறி விலை சொல்லிக்கொண்டிருந்தாலே அது வந்துவிடும், அதற்கு ஒரு யூரோகூடக் கைமாறியிருக்க வேண்டியதில்லை.

மத்திய வங்கிதான் சுவர் கட்ட வேண்டும் என்பதில்லை. லண்டன் நேரம் மாலை நான்கு மணிக்கு அன்றைய குறிப்பு விலை நிர்ணயிக்கப்படும்போது, உலகெங்கும் உள்ள நிதி நிறுவனங்கள் தங்கள் ஆர்டர்களை அந்த விலைக்கே ஒப்புக்கொடுக்கின்றன. வாங்குவதும் விற்பதும் வங்கிக்குள்ளேயே நேர்செய்யப்படும் பகுதி சந்தை விலையைத் தொடுவதே இல்லை.

சுவர் விழுந்தபோது

2015 ஜனவரி 15, சூரிச் நேரம் காலை 10.30. முன்னறிவிப்பு எதுவும் இல்லாமல் சுவிஸ் நேஷனல் வங்கி 1.20 என்ற தரையை விலக்கிக்கொண்டது. சில நிமிடங்களில் யூரோ ஒரு பிராங்குக்கும் கீழே போனது, சில தளங்களில் 0.85 வரை விலை காட்டியது. மூன்றரை ஆண்டு சுவரின் மேல் சாய்ந்து நின்றவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் விற்க ஓடினார்கள். வாங்கப் பெரும்பாலும் யாருமில்லை.

இப்போது டிக் வால்யூமின் பிழை எதிர்த்திசையில் திரும்பியது. முன்பு வியாபாரம் இருந்தது, அசைவு இல்லை. இப்போது அசைவு இருந்தது, வாங்க ஆள் இல்லை. விலை ஒரு மட்டத்திலிருந்து நூறு பிப் கீழே இருந்த இன்னொரு மட்டத்துக்குத் தாவும்போது, இடைப்பட்ட விலைகளில் பெரும்பாலும் எதுவும் கைமாறவில்லை. ஸ்டாப் லாஸ் 1.1990-இல் வைத்திருந்தவருக்கு அந்த விலையில் வாங்குபவர் இல்லாததால், பல நூறு பிப்புகளுக்குக் கீழேதான் ஆர்டர் நிறைவேறியது. அமெரிக்கப் புரோக்கரான எஃப்எக்ஸ்சிஎம், தன் வாடிக்கையாளர்கள் கணக்கில் இருந்ததற்கும் மேலாக இழந்த தொகை சுமார் 22.5 கோடி டாலர் என்று அறிவித்து, பிழைப்பதற்கு 30 கோடி டாலர் கடன் வாங்க நேர்ந்தது. லண்டனின் அல்பாரி நிறுவனம் மறுநாளே திவாலானது.

அன்றைய ஒரு நிமிடக் கேண்டிலின் அடியில் நிற்கும் கம்பத்தின் உயரத்தை நிர்ணயித்தது வியாபாரம் அல்ல, அந்தந்தப் புரோக்கரின் விலை ஓடை. விலை தரும் வங்கிகள் பின்வாங்கியதும் ஓர் ஓடை நின்றுவிடும், இன்னொன்று நடுங்கி நடுங்கி நூற்றுக்கணக்கில் விலை காட்டிக்கொண்டிருக்கும். முதல் புரோக்கரிடம் வரலாற்றிலேயே பெரிய சரிவு குட்டைக் கம்பத்தோடு நடந்ததாகத் தெரியும், இரண்டாமவரிடம் வானளாவிய கம்பத்தோடு. இரண்டும் ஒரே சந்தையைப் பற்றியவை, எதுவும் பொய்யல்ல. ஒவ்வொன்றும் தன் குழாயில் என்ன வந்ததோ அதை எண்ணியது, அவ்வளவே.

இதன் சிறிய வடிவம் ஒவ்வொரு வேலை நாளும் நடக்கிறது. நியூயார்க்கில் மாலை ஐந்து மணி, கோடையில் நமக்கு அதிகாலை இரண்டரை. அந்த நேரத்தில் வங்கிகள் நாள் கணக்கை முடிக்கின்றன, சந்தை மெலிகிறது, பிட்டுக்கும் ஆஸ்க்குக்கும் இடையிலான இடைவெளி விரிந்து சுருங்குகிறது. இடைவெளி விரிவதும் சுருங்குவதும் டிக்தானே! வியாபாரம் இல்லாத வேளையில் கம்பம் எழும். அந்த வேளையின் கம்பத்தை நம்பி எதையும் முடிவு செய்யக்கூடாது என்பது என் உறுதியான கருத்து.

புரோக்கரின் கைரேகை

பொதுவாகச் சொல்லப்படாத ஒன்று உண்டு. டிக் வால்யூம் சந்தைக்குச் சொந்தமானது அல்ல, அது ஒரு புரோக்கரின் சர்வருக்குச் சொந்தமானது. ஒருவர் ஐந்து வங்கிகளிடமிருந்து விலை வாங்கித் தொகுப்பார், இன்னொருவர் இருபதிடமிருந்து. மிகச் சிறிய மாற்றங்களை ஒருவர் வடிகட்டிவிடுவார், இன்னொருவர் அப்படியே விடுவார். ஆகவே ஒரே நாளின் ஒரே கேண்டிலுக்கு ஓரிடத்தில் 3,000 என்றும் மற்றோரிடத்தில் 8,000 என்றும் வந்தால் வியப்படைய ஒன்றுமில்லை. இரண்டு புரோக்கர்களின் எண்களைக் கலந்து ஒரே அளவுகோலில் பார்ப்பதற்கு அர்த்தமே இல்லை.

ஒரே புரோக்கருக்குள்ளும் காலம் மாறினால் அளவுகோல் மாறும். முன்பு யூரோ–டாலரை நான்கு தசம இடத்தில் காட்டியவர்கள் பின்னர் ஐந்தாவது இடத்தையும் சேர்த்தார்கள். 1.0850 என்று ஒரே விலையாகத் தெரிந்ததற்குள் இப்போது பத்துப் படிகள். சந்தையில் ஒரு டாலர்கூடக் கூடுதலாகக் கைமாறாமல் டிக் எண்ணிக்கை பெருகியது. பத்தாண்டுச் சார்ட்டைப் பார்த்து வால்யூம் வளர்ந்துகொண்டே வந்திருப்பதாகச் சொல்பவர் இந்த மாற்றத்தையும், விலையை நொடிக்குப் பலமுறை மாற்றும் கணினிகளின் பெருக்கத்தையும் சேர்த்தே எண்ணுகிறார். இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. ஒரு நாளின் மொத்த டிக்கை அன்றைய உச்சத்துக்கும் தாழ்வுக்கும் இடையிலான பிப்புகளால் வகுத்து, மாதா மாதம் சராசரி எடுத்துப் பாருங்கள். சந்தையின் குணம் மெதுவாக மாறும். அந்த விகிதம் ஒரே நாளில் இரண்டு மடங்காகத் தாவி அங்கேயே நின்றுவிட்டால், மாறியது பெரும்பாலும் சர்வர்.

வாங்கியவர் எவ்வளவு, விற்றவர் எவ்வளவு என்று டிக்கைப் பிரித்து நிறம் பூசிக் காட்டும் கருவிகளை மட்டும் நான் முற்றாக நிராகரிக்கிறேன். விலை ஏறிய டிக்கை வாங்குதல் என்றும் இறங்கியதை விற்பனை என்றும் அவை கணக்கு வைக்கின்றன. யாரும் எதையும் வாங்காமலே ஒரு வங்கி தன் விலையை ஏற்றிச் சொல்லலாம். 2012-இல் யூரோவை அள்ளி வாங்கிக்கொண்டிருந்தவர் விலையை ஒரு படிகூட ஏற்றவில்லை. அந்தக் கருவியின் கணக்கில் அவர் சந்தையிலேயே இல்லை.

உண்மை வால்யூம் எங்கே கிடைக்கும்?

ஓரிடத்தில் கிடைக்கும். சிகாகோ மெர்க்கன்டைல் எக்ஸ்சேஞ்ச் 1972 மே 16 அன்று நாணய ஃபியூச்சர்ஸைத் தொடங்கியது. அங்கே ஒவ்வொரு ஒப்பந்தமும் எண்ணப்படுகிறது. யூரோவுக்கான ஃபியூச்சர்ஸ் 6E என்ற குறியீட்டில் வரும், ஓர் ஒப்பந்தம் 1.25 லட்சம் யூரோ. ஒரு மணி நேரத்தில் 10,000 ஒப்பந்தம் என்றால் 125 கோடி யூரோ கைமாறியது என்று உறுதியாகச் சொல்லலாம். யூரோ–டாலரின் டிக் வால்யூம் நம்பத்தகுந்ததா என்று சோதிக்க விரும்புபவர், மேலே சொன்ன கடிகாரக் கழிப்பைச் செய்துவிட்டு இதோடு ஒப்பிடுவதுதான் வழி. டிக் விகிதம் 2, ஃபியூச்சர்ஸ் விகிதமும் 2-ஐ ஒட்டி வந்தால் கம்பம் உண்மை பேசுகிறது. டிக் விகிதம் 2, ஃபியூச்சர்ஸ் விகிதம் 0.9 என்றால் அது விலைச் சலசலப்பு. டிக் விகிதம் 0.8 ஆக இருக்கும்போது ஃபியூச்சர்ஸ் 2.5 காட்டினால், யாரோ ஒருவர் ஒரே விலையில் நின்று வாங்குகிறார் அல்லது விற்கிறார் என்று சந்தேகிக்க இடமுண்டு. மூன்றாவது நிலைதான் டிக்கை மட்டும் பார்ப்பவர் கண்ணுக்கு ஒருபோதும் படாதது.

இதற்கும் எல்லை உண்டு. ஃபியூச்சர்ஸ் மொத்தச் சந்தையின் ஒரு சிறு பகுதி மட்டுமே. யூரோ–பிராங்க் போன்ற, டாலர் இல்லாத ஜோடிகளுக்கு அங்கே வியாபாரம் மிகவும் குறைவு. இன்னும் முக்கியமானது, நெருக்கடியில் சந்தை தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும். 2016 அக்டோபர் 7 அன்று லண்டனில் நள்ளிரவு தாண்டிய சில நிமிடங்களில் பவுண்ட் டாலருக்கு எதிராக ஒன்பது விழுக்காடு வரை சரிந்து மீண்டது. வேகமான சரிவைக் கண்ட சிகாகோ எக்ஸ்சேஞ்சின் பாதுகாப்பு விதி, பவுண்ட் ஃபியூச்சர்ஸைத் தற்காலிகமாக நிறுத்தியது. அந்த விலையை நம்பி ஸ்பாட் விலை சொல்லிக்கொண்டிருந்தவர்களும் ஒதுங்க, ஸ்பாட்டில் சரிவு ஆழமானது. இதை ஆராய்ந்த பன்னாட்டுத் தீர்வு வங்கியின் அறிக்கை 2017 ஜனவரியில் வந்தது. அந்த நொடிகளில் ஃபியூச்சர்ஸின் உண்மை வால்யூம் பூஜ்யம், சில்லறைத் திரைகளில் டிக் ஓடிக்கொண்டிருந்தது. அன்றைய அடிமட்ட விலையே ராய்ட்டர்ஸில் முதலில் 1.1378 என்று வந்து, அந்த வியாபாரம் ரத்தானபின் 1.1491 என்று திருத்தப்பட்டது.

நம் நாட்டு வாசகர்களுக்கு இதில் நேரடித் தொடர்பு உண்டு. தேசியப் பங்குச் சந்தையில் 2008 ஆகஸ்ட் 29 முதல் டாலர்–ரூபாய் ஃபியூச்சர்ஸ் நடக்கிறது, ஒரு லாட் 1,000 டாலர். 2018 முதல் யூரோ–டாலர், பவுண்ட்–டாலர், டாலர்–யென் ஒப்பந்தங்களும் உண்டு. இங்கே காட்டப்படும் வால்யூம் உண்மையானது. ஆனால் உண்மையான எண்ணுக்கும் பின்னணி தெரிய வேண்டும். ரூபாய் ஒப்பந்தங்களில் ஈடுபடுபவருக்கு உண்மையான அந்நியச் செலாவணித் தேவை இருக்க வேண்டும் என்று 2024-இல் ரிசர்வ் வங்கி வலியுறுத்தியபின் ஊக வணிகர்கள் பலர் வெளியேற, அந்த வால்யூம் பெரிதும் விழுந்தது. 2024-க்கு முந்திய கம்பத்தையும் பிந்தியதையும் நேருக்கு நேர் ஒப்பிடுபவர் வியாபாரத்தை அல்ல, விதி மாற்றத்தை அளக்கிறார். ரிசர்வ் வங்கியும் டாலர் வாங்கியும் விற்றும் சந்தையில் தலையிடுகிறது. ரூபாய் பல வாரம் சில காசுகளுக்குள் அடங்கிக் கிடந்தால், பிராங்க் கதையை நினைவில் வைத்துக்கொண்டு அந்தச் சார்ட்டைப் பார்ப்பது நல்லது.

வெளிநாட்டுப் புரோக்கர்களின் செயலியை இறக்கி யூரோ–டாலரில் பணம் போடுபவர்கள் நம் ஊர்களில் நிறைய இருக்கிறார்கள். அங்கீகாரம் இல்லாத இத்தகைய தளங்களின் எச்சரிக்கைப் பட்டியலை ரிசர்வ் வங்கி 2022 முதல் வெளியிட்டுவருகிறது. இந்தியாவில் வசிப்பவர் அவற்றில் வர்த்தகம் செய்வது அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டத்துக்குப் புறம்பானது. அத்தகைய புரோக்கர் பல வேளைகளில் உங்கள் வியாபாரத்தின் எதிர்ப்பக்கம் தானே நிற்பவர், நீங்கள் பார்க்கும் டிக்கை அனுப்புபவரும் அவர்தான். பணம் போடும் முன் அந்தப் பட்டியலைப் பாருங்கள். சட்டப்படியான இடத்தில் வர்த்தகம் செய்பவரானால், உங்கள் சார்ட்டில் `real_volume` பூஜ்யமா என்று பாருங்கள். பூஜ்யமென்றால் கம்பத்தை அதே நேரத்தின் சராசரியால் வகுத்து, சந்தை வழக்கத்தைவிடச் சுறுசுறுப்பாக இருக்கிறதா என்பதற்கு மட்டும் பயன்படுத்துங்கள். யார் வாங்குகிறார், எவ்வளவு வாங்குகிறார் என்று அதனிடம் கேட்டு லாட்டை ஏற்றாதீர்கள்.